கொள்முதல் பிரிவைத் தாண்டி: நூற்பாலை ஒன்றில் முடிவெடுப்பவரைக் கண்டறிந்த விதம்

பின்னணி

கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு சிறு நிறுவனம், ஆலைகளில் அழுத்தக் காற்று எங்கெங்கே கசிகிறது என்று கண்டுபிடித்து, அதனால் வீணாகும் மின்சாரத்தைக் கணக்கிட்டுத் தரும் வேலையைச் செய்து வருகிறது. இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனம் அது. உதவிக்கு இன்னும் இருவர் இருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை நிறுத்தாமலேயே, காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் எழும் கசிவின் ஒலியை அல்ட்ராசோனிக் கருவியால் பிடித்து, கசியும் இடத்தில் அட்டை கட்டி, பட்டியல் போட்டுக் கொடுப்பார்கள்.

நூற்பாலைகளில் இந்த வேலைக்குத் தேவை இருக்கிறது. நூல் முனைகளைக் காற்றால் இணைக்கும் ஆட்டோகோனர் இயந்திரங்களுக்கு நாள் முழுவதும் 6 முதல் 7 பார் அழுத்தத்தில் காற்று வேண்டும். குழாய் இணைப்புகளும் பிட்டிங்குகளும் தேயத் தேயக் காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும். இயந்திரங்களின் இரைச்சலில் அது யார் காதிலும் விழுவதில்லை. பஞ்சையோ நூலையோ போலக் கழிவாகக் கண்ணில் படுவதுமில்லை. கம்ப்ரசரின் மின்சாரச் செலவில் மட்டும் அது ஏறியிருக்கும்.

2023ஆம் ஆண்டில் இந்நிறுவனம் அணுக முயன்றது, மேற்கு மாவட்டங்களில் ஐந்து ஆலைகளை நடத்தும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு ஜவுளி நிறுவனத்தை. அந்த முயற்சி தொடங்கிய விதத்தையும், திசை மாறிய விதத்தையும், முடிந்த இடத்தையும் இங்கே பதிவு செய்கிறேன். சம்பந்தப்பட்ட இரு தரப்பின் பெயர்களும் விடப்பட்டுள்ளன.

பொது முகவரிக்குச் சென்ற முதல் கடிதம்

ஜவுளி நிறுவனத்தின் இணையதளத்தில் தொடர்புக்கென்று info@ என்று தொடங்கும் ஒரு முகவரி மட்டுமே இருந்தது. அதற்கு நிறுவன அறிமுகமும், ஐந்து ஆலைகளுக்கும் சேர்த்து நாலரை லட்சம் ரூபாய்க்கான விலைப்புள்ளியும் அனுப்பப்பட்டன. தானியங்கி ஒப்புகை உடனே வந்தது. சில வாரங்கள் கழித்துக் கொள்முதல் பிரிவிலிருந்து இரண்டு வரி பதில் வந்தது: விற்பனையாளர் பதிவுப் படிவத்தை நிரப்பி அனுப்பவும், தேவை ஏற்படும்போது தொடர்பு கொள்கிறோம்.

படிவம் நிரப்பி அனுப்பப்பட்டது. அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை.

இதில் கொள்முதல் பிரிவின் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆலைக்குள் யாரோ ஒருவர் இன்ன பொருள் வேண்டும் என்று இன்டென்ட் எழுதினால் அதை வாங்கித் தருவது அவர்கள் வேலை. இன்டென்ட்டே இல்லாத ஒரு சேவையை வாங்க அவர்களுக்கு அதிகாரமும் இல்லை, காரணமும் இல்லை. பொது அஞ்சலைத் திறந்து பார்ப்பவர், விலைப்புள்ளி என்று தெரிந்ததும் கொள்முதலுக்கு அனுப்பிவிடுகிறார்; விலைப்புள்ளியைத் தவிர வேறு எதைப் பார்த்து அதன் இடத்தை அவர் தீர்மானிக்க முடியும்? ஆகவே அடுத்த கடிதத்துக்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டியிருந்தது. காற்றுக் கசிவினால் யாருடைய கணக்கில் நஷ்டம் ஏறுகிறது? அந்த நஷ்டத்தை நிறுத்த, வேறு யாரையும் கேட்காமல் யாரால் கையெழுத்திட முடியும்? இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆள் விடையாக இருந்தால் அவரே தேடப்படுபவர்.

தேடல்

முதலில் எடுத்தது ஜவுளி நிறுவனத்தின் 2022-23 ஆண்டறிக்கை. நிறுவனங்கள் சட்டம் 2013இன்படி இயக்குநர் குழு அறிக்கையில் எரிசக்தி சேமிப்புக்கு எடுத்த நடவடிக்கைகளையும், அதற்கான கருவிகளில் செய்த முதலீட்டையும் குறிப்பிட வேண்டும். பெரும்பாலும் இது யாரும் படிக்காத ஒரு பின்னிணைப்பாகக் கிடக்கும். இப்படிப்பட்ட சேவையை விற்பவருக்கோ, அறிக்கையிலேயே மிகப் பயனுள்ள பக்கம் அதுதான். முதலாம், இரண்டாம் ஆலைகளில் பழைய கம்ப்ரசர்களை எடுத்துவிட்டு, தேவைக்கேற்ப வேகம் மாறும் கம்ப்ரசர்கள் பொருத்தப்பட்டதாக அதில் இருந்தது. மூன்றாம் ஆலையைப் பற்றி விளக்குகள் மாற்றியது தவிர வேறு எதுவும் இல்லை. இதிலிருந்து இரண்டு செய்திகள் தெரிந்தன. காற்றுக்குச் செலவாகும் மின்சாரத்தைப் பற்றி இந்த நிறுவனத்துக்குள் யாரோ ஏற்கெனவே கவலைப்படுகிறார். அந்தக் கவலை மூன்றாம் ஆலையை இன்னும் எட்டவில்லை.

சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 முதல் கட்டாயமாக வெளியிடும் வணிகப் பொறுப்பு மற்றும் நீடித்த நிலை அறிக்கையில், விவரங்களுக்குத் தொடர்பு கொள்ள வேண்டியவரின் பெயரும் மின்னஞ்சலும் தரப்பட்டிருக்கும். இந்த நிறுவனமும் வெளியிட்டிருந்தது. அந்த இடத்தில் இருந்த பெயர் நிறுவனச் செயலருடையது. அவர் சட்டப்படியான அறிக்கைகளுக்குப் பொறுப்பானவர். கம்ப்ரசர் அறைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. அவருக்கு எழுதியிருந்தால் கடிதம் மரியாதையோடு மீண்டும் கொள்முதலுக்கே போயிருக்கும். ஆயினும் அந்த வரி வேறு ஒரு வகையில் உதவியது: இந்த நிறுவனத்தில் மின்னஞ்சல் முகவரிகள் எந்த அமைப்பில் இருக்கின்றன என்பது அதிலிருந்து தெரிந்தது.

அடுத்து எரிசக்தி மேலாளர் என்று ஒருவர் இருப்பாரா என்று பார்த்தார்கள். எரிசக்தி சேமிப்புச் சட்டம் 2001இன் கீழ் அதிக மின்சாரம் செலவிடும் ஆலைகள் அப்படி ஒருவரை நியமிக்க வேண்டும். ஜவுளி ஆலைக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 3000 டன் எண்ணெய்க்குச் சமமான எரிசக்தி. மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ மூன்றரைக் கோடி யூனிட். மூன்றாம் ஆலையின் செலவு அதைவிடக் குறைவு என்று கணிக்க முடிந்ததால், அந்தப் பதவியில் ஒருவர் அங்கே இருக்க வாய்ப்பில்லை என்று அந்த வழி கைவிடப்பட்டது.

உண்மையான விடை ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தில் கிடைத்தது. மூன்றாம் ஆலைக்குப் பராமரிப்பு உதவி மேலாளர் தேவை என்ற அந்த விளம்பரத்தில், அப்பதவியில் இருப்பவர் பொறியியல் பொது மேலாளரின் கீழ் பணிபுரிவார் என்று எழுதியிருந்தார்கள். ஆலை மேலாளர் உற்பத்திக்குப் பொறுப்பு. பராமரிப்பும் மின்சாரமும் பொறியியல் பொது மேலாளரின் பொறுப்பு என்ற உள்ளமைப்பு அந்த ஒரு வரியில் இருந்தது. வேலைவாய்ப்பு விளம்பரங்களைப் போல ஒரு நிறுவனத்தின் உள்கட்டமைப்பை வெளியே சொல்லும் ஆவணம் வேறொன்று உண்டா என்பது சந்தேகமே.

பதவி தெரிந்துவிட்டது, பெயர் தெரியவில்லை. லிங்க்ட்இன் தளத்தில் அந்தப் பதவியோடு ஒருவர் இருந்தார். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஆலையின் தொலைபேசி எண்ணுக்கு அழைத்து, தங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, பொறியியல் பொது மேலாளருக்குத் தபால் அனுப்ப வேண்டும், பெயர் சரிதானா என்று நேராகவே கேட்டார்கள். “அந்த சார் ஹெட் ஆபீஸ் போயிட்டாருங்க, இப்ப மூணாம் மில்லையும் நாலாம் மில்லையும் வேற சார் பாக்கறாரு” என்று வரவேற்பில் இருந்தவர் புதிய பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். பொய்க் காரணம் எதுவும் சொல்லாமல் கேட்டதாலேயே இது எளிதாகக் கிடைத்தது என்பது என் கருத்து. தெரிந்தவர் மூலம் அவருடைய கைபேசி எண்ணைப் பெறும் வாய்ப்பும் இருந்தது. அலுவல் கடிதம் போகாத முன் தனிப்பட்ட எண்ணுக்கு அழைப்பதில்லை என்று முடிவு செய்து அதை வாங்காமல் விட்டார்கள்.

நிர்வாக இயக்குநருக்கு எழுதாதது ஏன்

இந்தக் கட்டத்தில் சிறு நிறுவனத்தைத் தொடங்கிய இரு பொறியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. நிர்வாக இயக்குநரின் பெயர் ஊரறிந்தது. மேலே எழுதினால் கீழே உள்ளவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்பது ஒருவரின் வாதம். மற்றவர் மறுத்ததற்கு இரண்டு காரணங்கள். நாலரை லட்ச ரூபாய் வேலைக்கான கடிதத்தை நிர்வாக இயக்குநரின் அலுவலகம் “பார்த்து ஆவன செய்க” என்ற குறிப்போடு கீழே அனுப்பும். அது பொறியியல் பிரிவுக்குப் போகுமா, கொள்முதலுக்குப் போகுமா என்பது அனுப்புகிறவரைப் பொறுத்தது. அதைவிட முக்கியமானது இரண்டாவது காரணம். உங்கள் ஆலையில் காற்று வீணாகிறது என்ற செய்தி மேலிடத்திலிருந்து வந்தால், பொறியியல் பொது மேலாளருக்கு அது தன் மீதான புகாராகவே தெரியும். கசிவு பெரிதல்ல என்று நிரூபிப்பதே அவருடைய முதல் வேலையாகிவிடும். அதே செய்தி நேராக அவர் கைக்கு வந்தால், அடுத்த ஆண்டறிக்கையில் தன் ஆலையின் பெயரிலும் ஒரு வரி சேர்க்கக் கிடைத்த வாய்ப்பாக அவர் அதை எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது வாதமே நின்றது. நிர்வாக இயக்குநருக்கு நகல் போடுவதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட்டது.

விலையைப் பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. இந்த மாதிரி குழுமங்களில் ஆலை அளவில் இருக்கும் பொது மேலாளர் பெரும்பாலும் ஒரு லட்ச ரூபாய் அளவுக்குத்தான் தாமே ஒப்புதல் தருவார், அதற்கு மேல் கோப்பு தலைமை அலுவலகத்துக்குப் போகும் என்று ஓய்வுபெற்ற ஆலைப் பராமரிப்பு மேலாளர் ஒருவர் சொன்னார். அதன்படி ஐந்து ஆலைகளுக்கான விலைப்புள்ளி ஓரங்கட்டப்பட்டு, மூன்றாம் ஆலைக்கு மட்டும் 85,000 ரூபாய் என்று புதிதாக எழுதப்பட்டது. சரியான ஆளைக் கண்டுபிடித்தும் அவரால் கையெழுத்திட முடியாத தொகையைக் கேட்டால், கடிதம் மீண்டும் தவறான மேசைக்கே போய்ச் சேரும்.

கடிதம்

கடிதம் ஒரு பக்கத்துக்குள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. பொருள் வரியில் நிறுவனத்தின் பெயரோ சலுகையோ இல்லை. “மூன்றாம் ஆலை: ஆட்டோகோனர் பிரிவில் காற்றுக் கசிவு அளவீடு” என்று மட்டும் இருந்தது. முதல் பத்தி, ஆண்டறிக்கையில் முதலிரண்டு ஆலைகளின் கம்ப்ரசர்களைப் பற்றிப் படித்ததையும், மூன்றாம் ஆலை அதில் இல்லாததையும் சொன்னது. இரண்டாம் பத்தியில் ஒரே ஒரு கணக்கு: 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று ஏறத்தாழ 3 கிலோவாட் மின்சாரத்தை வீணாக்கும், ஆண்டுக்கு 8000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட், யூனிட்டுக்கு 7 ரூபாய் என்று வைத்தால் 1,68,000 ரூபாய். மூன்றாம் பத்தி, எந்த இயந்திரத்தையும் நிறுத்த வேண்டியதில்லை என்பதையும், கட்டணத்தையும் சொல்லி, பதினைந்து நிமிடம் நேரில் சந்திக்க அனுமதி கேட்டது.

நிறுவனத்தின் வரலாறு, வாடிக்கையாளர் பட்டியல், சான்றிதழ்கள் எல்லாம் வெட்டப்பட்டன. முதல் கடிதத்தில் அவைதான் முக்கால் பங்கு இடத்தைப் பிடித்திருந்தன.

மின்னஞ்சல் முகவரியை நிறுவனச் செயலரின் முகவரி அமைப்பை வைத்து ஊகித்தார்கள். முதலில் அனுப்பிய முகவரிக்கு 550 5.1.1 என்ற பிழையோடு அஞ்சல் திரும்பியது. அப்படி ஒரு பெட்டி இல்லை என்பது அதன் பொருள். முதலெழுத்தை முன்னால் வைத்து அனுப்பியது திரும்பவில்லை. திரும்பாததால் மட்டும் அது சரியான முகவரி என்று சொல்லிவிட முடியாது. சில நிறுவனங்களின் சர்வர், இல்லாத பெயருக்கு வரும் அஞ்சலையும் ஏற்றுக்கொண்டு அப்படியே விட்டுவிடும். ஆகவே அதே கடிதத்தை அச்சிட்டு, பெயரும் பதவியும் எழுதிக் கூரியரிலும் அனுப்பினார்கள். ஆலையின் இன்வர்ட் பிரிவில் பதவிப் பெயர் மட்டும் எழுதிய உறைகளைப் பிரித்து முத்திரை குத்திப் பிரிவுகளுக்கு அனுப்புவது வழக்கம். ஆளின் பெயர் எழுதிய உறை பெரும்பாலும் பிரிக்கப்படாமல் அவர் மேசைக்கே போகும். உறையின் மேல் “அந்தரங்கம்” என்று எழுதலாமா என்ற யோசனையும் வந்தது. விற்பனைக் கடிதத்துக்கு அப்படி எழுதுவது ஏமாற்று என்று அது கைவிடப்பட்டது, நல்ல வேளையாக.

பதில்

ஒரு வாரம் மௌனம். பிறகு அதே அஞ்சலின் தொடர்ச்சியாக, அச்சுப் பிரதி கிடைத்ததா என்று மட்டும் கேட்டு இரண்டு வரி அனுப்பப்பட்டது. மறுநாள் பதில் வந்தது. அது பாராட்டாகவோ அழைப்பாகவோ இல்லை. “எங்கள் மூன்றாம் ஆலை கம்ப்ரசர் வேகம் மாறும் வகை அல்ல. கசிவு குறைந்தால் அது அன்லோடில் அதிக நேரம் ஓடும். அன்லோடிலும் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் இழுக்கும். உங்கள் 24,000 யூனிட்டில் அந்தக் கழிவு எங்கே?” என்று கேட்டிருந்தார். அன்லோடு என்பது, காற்றை அழுத்தாமல் மோட்டார் மட்டும் சுழலும் நிலை.

சரியான மேசையை அடைந்துவிட்டோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. கொள்முதல் பிரிவிலிருந்து இந்தக் கேள்வி ஒருநாளும் வந்திருக்காது. அவர் சொன்னது முற்றிலும் சரி என்பதை ஒப்புக்கொண்டு, அந்த வகைக் கம்ப்ரசருக்குச் சேமிப்பு ஏறத்தாழ 30 சதவீதம் குறையும் என்று திருத்திய கணக்கை அன்றே அனுப்பினார்கள். அதன் பிறகே நேரில் வரச் சொன்னார்.

ஆய்வும் விளைவும்

சந்திப்பில் அவர் ஒரே நிபந்தனை விதித்தார்: கருவி சொல்லும் எண்ணை மட்டும் நம்ப மாட்டேன், பொங்கல் விடுமுறையில் ஆலை நிற்கும்போது என் கண்முன் கசிவு அளவைக் காட்ட வேண்டும். நூற்பாலை இடைவிடாமல் ஓடுவதால், எல்லா இயந்திரங்களும் நின்று காற்றுக் குழாய் மட்டும் திறந்திருக்கும் நேரம் பண்டிகை விடுமுறைகளில்தான் வாய்க்கும்.

2024 பொங்கலில் அந்தச் சோதனை நடந்தது. காற்றைப் பயன்படுத்தும் இயந்திரம் எதுவும் ஓடாத நிலையிலும் 500 சி.எஃப்.எம்., அதாவது நிமிடத்துக்கு 500 கன அடி காற்று தரும் திறனுள்ள கம்ப்ரசர், ஒன்றரை நிமிடம் காற்றை அழுத்தும் லோடில் ஓடி, ஐந்து நிமிடம் அன்லோடில் நின்று, மீண்டும் லோடுக்குப் போனது. யாரும் பயன்படுத்தாத காற்றுக்காக ஆறரை நிமிடத்தில் ஒன்றரை நிமிடம் வேலை செய்ததால், கசிவு 23 சதவீதம், அதாவது 115 சி.எஃப்.எம். அவர் கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்து, தானே இந்த எண்களைக் குறித்துக்கொண்டார்.

அட்டை கட்டிய இடங்களை ஆலையின் பிட்டர்களே சரி செய்தார்கள். பெரும்பாலானவை ஆட்டோகோனர்களின் பின்புற பிட்டிங்குகள். இரண்டு பழைய வடிகால் வால்வுகளும் சேர்ந்து கணிசமாகக் கசிந்துகொண்டிருந்தன. அடுத்த விடுமுறைச் சோதனையில் லோடு நேரம் ஒன்றேகால் நிமிடமாகக் குறைந்து, அன்லோடு நேரம் ஏறத்தாழ 13 நிமிடமாக நீண்டு, கசிவு 9 சதவீதம் அளவில் நின்றது. அன்லோடு கழிவையும் சேர்த்துப் பார்த்தால் இது ஏறத்தாழ 8 கிலோவாட் சேமிப்பு. ஆண்டுக்கு 66,000 யூனிட், நாலரை லட்ச ரூபாய்க்குச் சற்று மேல். வேகம் மாறும் கம்ப்ரசராக இருந்திருந்தால் தொகை இன்னும் கூடியிருக்கும்.

இதற்கிடையில் கொள்முதல் பிரிவு மீண்டும் குறுக்கே வந்தது. ஆர்டர் போட மூன்று விலைப்புள்ளிகள் வேண்டும் என்றார்கள். தொகை தன் வரம்புக்குள் இருப்பதால் ஒரே விற்பனையாளரிடம் வாங்க அனுமதிக்கிறேன் என்று பொது மேலாளர் கோப்பில் குறிப்பெழுதிய பிறகே ஆர்டர் வந்தது. ஆரம்பத்தில் நிரப்பி அனுப்பிய பதிவுப் படிவம் அப்போது பயன்பட்டது. அது இல்லையென்றால் இன்னும் சில வாரங்கள் போயிருக்கும். பணம் 45 நாட்களுக்குள் வந்து சேர்ந்தது.

மற்ற ஆலைகளின் கதை வேறு. நான்காம் ஆலையும் அதே பொது மேலாளரின் பொறுப்பில் இருந்ததால் அங்கே வேலை தானாக வந்தது. ஐந்தாம் ஆலையின் பொது மேலாளர், கம்ப்ரசர் விற்றவரின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே கசிவுச் சோதனை அடங்கியிருக்கிறது என்று மறுத்துவிட்டார். அது நியாயமான மறுப்பு. முதலிரண்டு ஆலைகளிலிருந்து பதிலே இல்லை. ஒரே குழுமம்தான் என்றாலும் ஆலைக்கு ஆலை முடிவெடுப்பவர் வேறு, அவருடைய கணக்கும் வேறு.

மாற்றிச் செய்ய வேண்டியவை

நிறுவனத்தார் இப்போது விலையைக் கடைசியில்தான் முடிவு செய்கிறார்கள். எழுதப்போகிறவரின் ஒப்புதல் வரம்பைக் கேட்டறிந்த பிறகே ஒரு ஆலைக்கா, இரண்டுக்கா என்று தீர்மானிக்கிறார்கள். கணக்கு எழுதும்போது கம்ப்ரசர் எந்த வகை என்று தெரியாவிட்டால், இரண்டு வகைக்குமான சேமிப்பையும் தனித்தனியே காட்டிவிடுகிறார்கள்.

கொள்முதல் பிரிவை ஒதுக்கிவிட்டுப் போகும் முறையும் மாறியிருக்கிறது. முதல் சந்திப்பு முடிந்ததும், பொது மேலாளரின் சம்மதத்தோடு, கொள்முதல் அலுவலருக்கு ஒரு தகவல் கடிதம் போகிறது. விற்பனையாளர் பதிவும் அப்போதே முடிக்கப்படுகிறது. மூன்றாம் ஆலையில் மூன்று விலைப்புள்ளி விவகாரம் கிளம்பியதற்கு, தங்களுக்குத் தெரியாமல் ஒரு வேலை முடிவாகியிருக்கிறது என்ற மனத்தாங்கலும் ஒரு காரணம் என்று பின்னால் தெரிந்தது.

பெயர்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அது எங்கிருந்து கிடைத்தது, எந்தத் தேதியில் தொலைபேசியில் சரிபார்க்கப்பட்டது என்று எழுதுகிறார்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பெயருக்கு, மீண்டும் கேட்டு உறுதி செய்யாமல் கடிதம் போவதில்லை. சென்ற முறை அந்தப் பட்டியலைப் புரட்டியபோது, மூன்றாம் ஆலையின் பொது மேலாளர் பணி மாறியிருந்தார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு எழுதிய கடிதத்தில், பொங்கல் சோதனையின் இரண்டு அளவீடுகளும் முன்னவர் குறித்த வடிவத்திலேயே இணைக்கப்பட்டிருந்தன.